செல்போன் விளக்கா, டார்ச்சா? நான்காம் வகுப்பு நிழல் பாடத்துக்கு ஓர் ஒப்பீடு

பாலக்காட்டின் சித்தூர்ப் பக்கம் தமிழ்வழி வகுப்பு எடுக்கிறேன். இங்கே நிழல் பாடத்துக்கு விளக்குக் கொண்டுவாருங்கள் என்றால் பாதிப் பிள்ளைகள் டார்ச்சோடு வந்துவிடுவார்கள். இரவில் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிற வீடுகள் அவை. முதல் வருடம் நானும் அந்த டார்ச்சுகளையே நம்பினேன், பாடம் சொதப்பியது. அடுத்த வருடம் செல்போன் விளக்கை வைத்துச் செய்தேன். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வெளிச்சத்தின் அளவில் இல்லை, ஒளி புறப்படும் இடத்தின் அகலத்தில் இருக்கிறது.

பாடம் இதுதான். விளக்கிலிருந்து சுவர் 120 செ.மீ. தள்ளி இருக்கும். நடுவில் 10 செ.மீ. உயர அட்டை யானை, பின்னால் ஈர்க்குச்சி ஒட்டியது. கல்யாணப் பத்திரிகை அட்டையே போதும். நோட்டுத் தாளில் வெட்டினால் ஒளி ஊடுருவி நிழல் வெளிறிவிடும். பெஞ்சின் மேல் விளக்கிலிருந்து 20, 30, 40, 60 செ.மீ. தூரங்களில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு. யானையை எந்தக் கோட்டில் வைத்தால் நிழல் எவ்வளவு உயரம் வரும் என்று பிள்ளைகள் முதலில் ஊகித்து எழுத வேண்டும், பிறகு அளக்க வேண்டும்.

செல்போனில் இது அழகாக வருகிறது. 60-இல் நிழல் 20 செ.மீ., 40-இல் 30, 30-இல் 40, 20-இல் 60. இரண்டு எண்களையும் பெருக்கிப் பார்க்கச் சொன்னால் எல்லா வரியிலும் 1200 வரும். அந்த இடத்தில் வகுப்பு ஒரு கணம் அமைதியாகும்; எனக்குப் பிடித்த கணம் அது. யானை சுவருக்கு நேராக நிற்க வேண்டும், சாய்ந்தால் கணக்குக் கெடும். சில செல்போன்களில் விளக்கு இரண்டு இருக்கும். விளிம்பு இரட்டையாகத் தெரிந்தால் ஒன்றின்மேல் கறுப்பு நாடா ஒட்டிவிடுங்கள்.

டார்ச்சில் என்ன ஆனது? உள்ளே இருக்கும் வெள்ளித் தட்டு முழுவதுமே ஒளி தருகிறது. வாய் அகலம் 5 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். யானை 30-ஆம் கோட்டில் நின்றால் சுவர் அதற்கப்பால் 90 செ.மீ., அதாவது மூன்று மடங்கு. எனவே நிழலின் ஒவ்வொரு விளிம்பும் 15 செ.மீ. அகலத்துக்கு மங்கிப் படரும். இரண்டு செ.மீ. அகலத் தும்பிக்கையின் நிழல் எட்டு செ.மீ. ஆக வேண்டும், அந்த மங்கல் அதை விழுங்கிவிடுகிறது. 'டீச்சர், யானைக்குத் தும்பிக்கை இல்லை' என்றாள் ஒருத்தி. அளவுகோலை எங்கே வைப்பது என்று எனக்கே தெரியவில்லை. செல்போன் விளக்கு மூன்று மி.மீ. அகலம் என்றால் அதே இடத்தில் மங்கல் ஒரு செ.மீட்டரைத் தாண்டாது.

இதனால் டார்ச்சைத் தள்ளிவிட முடியாது. செல்போன் ஒளி நாலாபக்கமும் சிதறும். ஓட்டுக்கூரை வகுப்பில் ஓட்டு இடுக்கு வழியாக வெயில் இறங்கும்போது 120 செ.மீ. தள்ளி நிழல் சோர்ந்துபோகிறது. ஜன்னலைச் சாக்கால் மூடித்தான் ஆக வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் யானை ஆடாமல் இருக்கவும் அது நல்லது. மேலும் செல்போன் என் கையில் ஒன்றுதான். டார்ச் ஒவ்வொரு குழுவின் கையிலும் இருக்கிறது. சமரசமாக, டார்ச்சின் வாயைக் கறுப்புத் தாளால் மூடி நடுவில் ஒரு செ.மீ. துளை போட்டேன். மங்கல் மூன்று செ.மீ. ஆகச் சுருங்கியது, வெளிச்சமும் கூடவே குறைந்தது. பெருக்கல் பார்க்க அது போதாது. நிழல் பெரிதாகிறது, சிறிதாகிறது என்று பார்க்கப் போதும்.

நிழலுக்குக் கண் இருக்குமா என்ற கேள்விக்கு டார்ச்சே மேல். ஒரு யானைக்குப் பேனாவால் கண் வரைந்து, இன்னொன்றுக்கு ஊசியால் துளையிட்டு, இரண்டையும் சுவரை ஒட்டிப் பிடித்தால் துளைக் கண் மட்டும் ஒளிர்கிறது. நிழலைக் கண்ணாடிப் பிம்பம் போல நினைத்திருக்கும் பிள்ளைகள் இதில்தான் மாறுகிறார்கள்.

பகவதி கோவில் தோல்பாவைக் கூத்தைப் பார்த்த பையன் ஒருவன் கேட்டான்: 'கூத்துமாடத்தில் 21 விளக்கு வரிசையாக எரிகிறதே, அங்கே இராமன் மட்டும் ஏன் மங்கவில்லை?' கம்பர் பாட்டோடு நடக்கும் அந்தக் கூத்தில் பாவை திரையோடு ஒட்டியே நிற்கும். பதில் சொல்லாமல் யானையை அவனிடம் கொடுத்து, மூடாத டார்ச்சை ஏற்றினேன். சுவரை நோக்கி நகர்த்திக்கொண்டே போனான். பத்து செ.மீ. மிச்சமிருக்கும்போது மங்கல் அரை செ.மீட்டருக்கும் கீழே இறங்கி, தும்பிக்கை திரும்பி வந்தது.