ஒரே புள்ளி, மூன்று வழிகள்: தொடுதளத்தை எப்படிக் கண்டுபிடிப்பது நல்லது?

ஒரு வளைந்த பரப்பில் ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டு அங்கே அதைத் தொட்டு நிற்கும் தட்டையான தளத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், அப்புறம் அந்தத் தளத்தை வைத்துப் பக்கத்துப் புள்ளிகளில் சார்பின் மதிப்பைத் தோராயமாகச் சொல்ல வேண்டும். இதற்கு மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. பகுதி வகைக்கெழுக்களை நேரடியாகப் போடுவது ஒன்று, பரப்பை F(x, y, z) = 0 என்று எழுதி அதன் கிரேடியன்ட்டை எடுப்பது இன்னொன்று, பரப்பின் மேல் மூன்று புள்ளிகளைப் பிடித்து அவற்றின் வழியே ஒரு தளம் வரைவது மூன்றாவது. மூன்றையும் ஒரே பரப்பில், ஒரே புள்ளியில் ஓட்டிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அதனால் z = √(x² + y²) என்ற கூம்பையும், அதில் x = 3, y = 4, z = 5 என்ற புள்ளியையும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் பகுதி வகைக்கெழு. y-ஐ அசையாமல் வைத்து x-ஐ மட்டும் நகர்த்தினால் உயரம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பது fx. அதுபோல x-ஐ நிறுத்திவிட்டு y-ஐ நகர்த்தினால் fy. இந்தக் கூம்புக்கு fx = x/√(x² + y²), fy = y/√(x² + y²). நம் புள்ளியில் அவை 3/5, 4/5, அதாவது 0.6, 0.8. தொடுதளம் இப்படி வரும்:

```
L(x, y) = 5 + 0.6(x − 3) + 0.8(y − 4)
```

இந்த L-தான் நேரியல் தோராயமும். தனியாக இன்னொரு சூத்திரம் கிடையாது. பரப்பின் உயரத்துக்குப் பதிலாகத் தளத்தின் உயரத்தைப் படிக்கிறோம், அவ்வளவுதான். வர்க்கமூலம் எடுக்க வேண்டிய இடத்தில் இரண்டு பெருக்கலும் சில கூட்டல் கழித்தலும் போதும் என்பதுதான் இதில் கிடைக்கும் லாபம்.

கிரேடியன்ட் வழியில் அதே கூம்பை x² + y² − z² = 0 என்று எழுதுவோம். மூன்று வகைக்கெழுக்கள் 2x, 2y, −2z. நம் புள்ளியில் 6, 8, −10. இது தளத்துக்குச் செங்குத்தான வெக்டர். எனவே 6(x − 3) + 8(y − 4) − 10(z − 5) = 0, சுருக்கினால் 3x + 4y − 5z = 0. z-க்குத் தீர்த்தால் 0.6x + 0.8y, மேலே வந்த அதே தளம். வர்க்கமூலத்தை வகையிடவே தேவையில்லாமல் வந்துவிட்டது என்பதால் கையால் செய்யும்போது இது சுகமான வழி. அதோடு, பரப்பு செங்குத்தாக நிற்கும் இடங்களிலும் இது வேலை செய்யும். x² + y² + z² = 9 என்ற கோளத்தில் (3, 0, 0) புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள்; அங்கே z-ஐ x, y-இன் சார்பாக எழுதப் போனால் வகைக்கெழு வரம்பில்லாமல் போய்விடும், ஆனால் கிரேடியன்ட் (6, 0, 0) என்று அமைதியாக வந்து x = 3 என்ற தளத்தைத் தந்துவிடும். ஆனால் தோராயத்துக்கு மறுபடி z-க்குத் தீர்த்தாக வேண்டும், அந்த இடத்தில் z-தான் இல்லையே. வடிவம் வேண்டுமென்றால் கிரேடியன்ட், எண் வேண்டுமென்றால் முதல் வழி என்று இந்த இரண்டுக்கும் இடையே சமரசம் செய்துவிடலாம். இவற்றுக்குள் பெரிய சண்டை இல்லை.

உண்மையான போட்டி மூன்றாவது வழியோடுதான். சார்பின் சூத்திரம் தெரியாது, அட்டவணையில் மதிப்புகள் மட்டும் இருக்கின்றன என்றால் பலரும் செய்வது இதைத்தான். (3, 4), (4, 4), (3, 5) மூன்றிலும் உயரத்தைப் பார்க்கிறோம்: 5, 5.6569, 5.8310. x திசையில் சாய்வு 0.6569, y திசையில் 0.8310. இந்த மூன்று புள்ளிகளின் வழியே போகும் தளத்தை வெட்டுத்தளம் என்று வைத்துக்கொள்வோம்.

```
S(x, y) = 5 + 0.6569(x − 3) + 0.8310(y − 4)
```

இப்போது (3.02, 3.97) புள்ளியில் இரண்டையும் மோத விடலாம். தொடுதளம் 5 + 0.012 − 0.024 = 4.988 என்கிறது. வெட்டுத்தளம் 4.98821 என்கிறது. உண்மை மதிப்பு 4.98812. தொடுதளத்தின் பிழை சுமார் 0.000116, வெட்டுத்தளத்தின் பிழை சுமார் 0.000093. அதாவது வெட்டுத்தளம் ஜெயித்துவிட்டது!

இதைப் பார்த்துவிட்டு "அப்படியானால் வகைக்கெழு எதற்கு, மூன்று புள்ளி போதுமே" என்று முடிவு கட்டிவிடுவதுதான் ஆபத்து. இங்கே நடந்தது தற்செயல். வெட்டுத்தளத்தின் இரண்டு சாய்வுகளும் கொஞ்சம் அதிகம், ஆனால் நாம் x-இல் கூட்டி y-இல் குறைத்து நகர்ந்ததால் அந்த இரண்டு தவறுகளும் ஒன்றையொன்று பெருமளவு அடித்துக்கொண்டன, மிச்சமிருந்ததும் கூம்பின் வளைவுக்குச் சாதகமான பக்கத்தில் விழுந்தது. இரண்டிலும் கூட்டி (3.05, 4.02)-க்குப் போங்கள். தொடுதளம் 5.046, வெட்டுத்தளம் 5.0495, உண்மை 5.0461. இப்போது வெட்டுத்தளத்தின் பிழை தொடுதளத்தினுடையதைப் போல நாற்பது மடங்குக்கும் மேல்.

அதைவிட முக்கியமான சோதனை, முதலில் போன அதே திசையில் பத்தில் ஒரு பங்கு தூரம் மட்டும் போய்ப் பார்ப்பது: (3.002, 3.997). தொடுதளத்தின் பிழை 0.0000012 ஆகிவிடுகிறது, நூறில் ஒரு பங்கு. வெட்டுத்தளத்தின் பிழையோ 0.00002 அளவில்தான் நிற்கிறது, ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. இன்னும் நெருங்கினால் அது தூரத்தோடு சேர்ந்து ஒரே விகிதத்தில்தான் குறையும். தொடுதளம் என்ற பெயருக்குத் தகுதி எது என்பதற்கான வரையறையே இதுதான்: பிழையை நகர்ந்த தூரத்தால் வகுத்தால், அந்த ஈவும் பூச்சியத்தை நோக்கிப் போக வேண்டும். பிழை மட்டும் பூச்சியத்துக்குப் போவது போதாது. அந்தப் புள்ளியின் வழியே போகும் எந்தத் தளத்துக்கும் அது நடக்கும். ஒரு தளத்தைச் சோதிக்க வேண்டுமென்றால் ஒரே ஒரு இடத்தில் ஒப்பிடாதீர்கள், தூரத்தைப் பத்தில் ஒன்றாக்கிவிட்டு மறுபடி ஒப்பிடுங்கள். பிழை ஏறக்குறைய நூறில் ஒன்றாகச் சுருங்கினால் அது தொடுதளம், பத்தில் ஒன்றாக மட்டும் சுருங்கினால் சாய்வு எங்கோ தவறு.

அட்டவணைதான் கையில் இருக்கிறது என்றாலும் வழி இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் பார்க்காமல் இரண்டு பக்கமும் பாருங்கள். x = 3.1-இலும் x = 2.9-இலும் உயரங்கள் 5.06063, 4.94065; வித்தியாசத்தை 0.2-ஆல் வகுத்தால் 0.5999. அதே 0.1 படியில் முன்பக்கம் மட்டும் பார்த்திருந்தால் 0.6063 வந்திருக்கும். ஒரே ஒரு கூடுதல் மதிப்புக்கு இவ்வளவு துல்லியம் கிடைக்கிறது என்றால் நான் தயங்காமல் எடுத்துக்கொள்வேன்.

சரி, தொடுதளமே ஆனாலும் எவ்வளவு தூரம் நம்பலாம்? இங்கே பலர் "புள்ளிக்குப் பக்கத்தில் இருந்தால் போதும்" என்று நிறுத்திவிடுகிறார்கள். எந்தப் பக்கம் என்பதும் அதே அளவு முக்கியம். இரண்டாம் வகைக்கெழுக்களைக் கணக்கிட்டுப் பார்த்தால், நம் புள்ளியில் தொடுதளத்தின் பிழை ஏறக்குறைய இப்படி அமைகிறது (dx, dy என்பவை நகர்ந்த அளவுகள்):

```
பிழை ≈ (4dx − 3dy)² / 250
```

கூம்பின் நுனியிலிருந்து நேராக விலகும் திசையில், அதாவது dx-உம் dy-உம் 3-க்கு 4 என்ற விகிதத்தில் இருக்கும்படி போனால், அடைப்புக்குள் இருப்பது பூச்சியம். (6, 8) வரைக்கும் போங்கள், ஐந்து அலகு தூரம். தொடுதளம் 10 என்கிறது, உண்மையும் சரியாக 10. கூம்பு அந்தக் கோட்டின் மேல் வளையவே இல்லை, தளம் அதை முழு நீளத்துக்கும் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. ஆனால் அதற்குக் குறுக்கே ஒரே ஒரு அலகு நகர்ந்து (3.8, 3.4)-க்குப் போனால் தொடுதளம் இன்னும் 5 என்றே சொல்லும், உண்மை √26, அதாவது 5.099. ஐந்து அலகு போயும் பிழையில்லை, ஒரு அலகு போனாலே பிழை 0.1-ஐ நெருங்குகிறது. இந்த இரண்டாம் படி உறுப்பை L-உடன் கூட்டிக்கொண்டால் அதுவே இருபடித் தோராயம். குறுக்குத் திசையில் அதிகம் நகர வேண்டிய வேலையென்றால் கூட்டிக்கொள்ளலாம், இல்லையென்றால் பிழை எவ்வளவு என்று தெரிந்துகொள்ள மட்டும் இதைப் பயன்படுத்துவதே போதும்.

இனி கூம்பின் நுனி, (0, 0, 0). அங்கே தொடுதளமே கிடையாது. மூன்று வழிகளும் இதை எப்படிச் சொல்கின்றன என்று பாருங்கள். பகுதி வகைக்கெழு எடுக்கப் போனால், வலப்பக்கத்திலிருந்து வந்தால் சாய்வு 1, இடப்பக்கத்திலிருந்து வந்தால் −1, எனவே இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். கிரேடியன்ட் (0, 0, 0) ஆகி, சமன்பாடு 0 = 0 என்று நிற்கும்; அதுவும் எச்சரிக்கைதான், ஆனால் தொடுதளம் இல்லை என்று அது நிரூபிப்பதில்லை, இந்த F-ஐ வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று மட்டுமே அர்த்தம். மூன்று புள்ளி வழியோ (0, 0), (1, 0), (0, 1) மூன்றையும் எடுத்துக்கொண்டு z = x + y என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் ஒரு தளத்தைக் கொடுத்துவிடும். அதன் மேல் எனக்கு இருக்கும் பெரிய குறை இதுதான், துல்லியக் குறைவுகூட அப்புறம்தான்.

ஆனால் பகுதி வகைக்கெழுவும் எல்லா இடத்திலும் உண்மை பேசுவதில்லை. xy/√(x² + y²) என்ற சார்பை எடுத்து, மூலப்புள்ளியில் மதிப்பு 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். x அச்சில் அது முழுக்கப் பூச்சியம், y அச்சிலும் பூச்சியம், எனவே fx = 0, fy = 0. சார்பு அங்கே தொடர்ச்சியானதும்கூட. சூத்திரம் z = 0 என்ற தளத்தைக் கொடுக்கும். x = y = t என்ற கோட்டில் போய்ப் பாருங்கள்: உயரம் |t|/√2, நகர்ந்த தூரம் √2|t|, ஈவு எப்போதும் 1/2. எவ்வளவு நெருங்கினாலும் அது குறையாது. அச்சுகள் இரண்டின் மேல் மட்டும் பார்த்துவிட்டு, நடுவில் இருக்கும் எல்லாத் திசைகளையும் பற்றிச் சூத்திரம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இதைப் பிடிக்க எளிய வழி, வகைக்கெழுக்கள் புள்ளியைச் சுற்றிலும் தொடர்ச்சியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது; இருந்தால் தொடுதளம் நிச்சயம் உண்டு. இங்கே fx = y³/(x² + y²)^(3/2), y அச்சின் மேல் பக்கம் வழியே மூலப்புள்ளியை நெருங்கினால் அது 1 என்றே நிற்கிறது, x அச்சு வழியே நெருங்கினால் 0. தொடர்ச்சி இல்லை, எனவே z = 0 என்ற அந்தத் தளத்தை நம்பும் முன் மூலைவிட்டத் திசையில் ஈவைச் சோதித்தே ஆக வேண்டும்.