"நாளைக்கு வேணும், சுருக்கித் தாங்க": நான்கு வருடமாக நான் வெட்டும் ஐந்து நிமிடப் பேச்சு

போன வாரம் மார்த்தாண்டத்து நண்பர் ஒருத்தர் போனில் கேட்டார்: "ஸ்லைடை எல்லாம் அப்படியே வாட்சப்பில் ஒட்டி அனுப்பிட்டு, நாளைக்குச் சுருக்கித் தாங்கன்னு மட்டும் சொல்லுதாங்க. நீங்க எப்படிச் செய்யுதீங்க?" தக்கலையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். நான்கு வருடமாக இந்த வேலை வருகிறது, பெரும்பாலும் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான். நண்பருக்குப் போனில் சொன்னதைவிட விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன், நான்கு வருடத்தில் அது குறையவே இல்லை. "சுருக்கு" என்பவர் எதைச் சுருக்க வேண்டும் என்று சொல்வதில்லை. ஸ்லைடையா, பேச்சையா, எழுத்தையா? ஐந்து கேள்வி திருப்பிக் கேட்டால் அவர் பதறிப்போகிறார், இல்லையென்றால் தூங்கிப்போகிறார். அதனால் இப்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன்: "நீங்க பேசி முடிச்சதும் கேட்டவங்க என்ன செய்யணும்?" அரை மணி நேரத்தில் பதில் வராவிட்டால், ஒட்டிய எழுத்துக்குள்ளேயே தேடுகிறேன். கிடைத்ததை முதல் வரியில் எழுதி அனுப்புகிறேன்: "இன்னாருக்கு முன்னால், இவ்வளவு நேரம், இதைக் கேட்பதற்காக என்று எடுத்துக்கொண்டேன். தப்பென்றால் சொல்லுங்கள்." நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் அவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

ஜனவரியில் வந்த ஒரு வேலையை உதாரணமாகச் சொல்கிறேன். தேனீ வளர்ப்பவர்களின் குழுச் செயலாளர் ஒருவர் 22 ஸ்லைடை ஒட்டி அனுப்பினார். சுமார் 1,900 சொல். முதல் ஸ்லைடில் குலசேகரத்தில் ரப்பர் விவசாயிகள் கூட்டம் என்று இருந்தது. கூடவே ஒட்டியிருந்த அழைப்பிதழில் "ஒருவருக்கு 5 நிமிடம்" என்ற வரியும் இருந்தது. கேட்பவர் யார், எவ்வளவு நேரம் என்ற இரண்டுக்கும் இவை போதும். தமிழில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 90 சொல் போகும் என்பது நான் கடிகாரம் வைத்துப் பார்த்த கணக்கு. மேடை ஏறி மைக் பிடிக்க அரை நிமிடம் போனால் மிச்சம் நாலரை நிமிடம், அதாவது 405 சொல். ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதல்.

முதல் வருடத்தில் நான் ஒவ்வொரு ஸ்லைடிலும் இரண்டு வரியை எடுத்துவிடுவேன். நியாயமாகத் தோன்றும், எதுவும் விட்டுப்போகாது. ஆனால் 22 ஸ்லைடுக்கு ஐந்து நிமிடம் என்றால் ஒன்றுக்குப் பதினான்கு வினாடிகூட இல்லை. பேசுபவர் மூச்சுவிடாமல் வாசிப்பார், கேட்பவர் எதையும் பிடித்துக்கொள்ள முடியாது. இந்தத் தப்பைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. எழுதி முடித்ததும் "அடுத்து" என்ற சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுங்கள். ஒரு பத்தியிலிருந்து அடுத்த பத்திக்கு "அடுத்து" என்றுதான் போக முடிகிறது என்றால், அது இன்னும் பட்டியல்தான். "அதனால்", "ஆனால்" என்று போக முடிந்தால்தான் பேச்சு.

அதனால் இப்போது கடைசி வாக்கியத்திலிருந்து வெட்டுகிறேன். செயலாளர் பதில் போடவில்லை. தேடியதில் 17-ஆவது ஸ்லைடின் நடுவில் ஒரு வரி கிடைத்தது: தோட்டத்தில் கந்தகத் தூள் அடிப்பதற்கு ஒரு நாள் முன்னால் எங்களுக்குச் சொல்லுங்கள். அந்த 22 ஸ்லைடில் ரப்பர் விவசாயியிடம் அவர் கேட்டது இது ஒன்றுதான். அதைப் பேச்சின் கடைசியில் வைத்துவிட்டுப் பின்னோக்கிப் போனேன். இதற்கு ஒருத்தர் சரி சொல்ல என்ன தெரிந்திருக்க வேண்டும்? தேனீ ரப்பரில் பூவை நம்பி வருவதில்லை, இலை உதிர்ந்து தளிர்க்கும்போது இலைக்காம்பு நுனியில் சுரக்கும் தேனுக்காக வருகிறது. தளிரில் வரும் சாம்பல் நோய்க்குக் கந்தகம் அடிப்பதும் அதே வாரங்களில்தான். முந்தின நாளே தெரிந்தால் சாயங்காலம் தேனீப் பெட்டி வாசலை மூடிவிடலாம். இந்த மூன்றும் 11, 12, 16, 17 ஆகிய நான்கு ஸ்லைடில் இருந்தன. மீதி பதினெட்டும் வெளியே. நியூட்டன் தேனீப் பெட்டியின் வரலாறு போயிற்று, தேனீ வகைகள் போயிற்று, 1991-ல் தொடங்கிய தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் கூட்டங்கூட்டமாகத் தேனீயை அழித்த கதையும் போயிற்று. அந்த நோய் ஸ்லைடை வெட்ட எனக்கு மனமே வரவில்லை. அதை அனுபவித்தவர் எழுதியது என்று ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது.

ஒரு வரியில் மட்டும் நின்று யோசித்தேன். "தேனீயின் மகரந்தச் சேர்க்கையால் மகசூல் கூடும்" என்று இருந்தது. தென்னைக்குச் சரி. பாலுக்காகப் பட்டையை வெட்டுகிறவர்கள் முன்னால் இதைச் சொன்னால், பட்டையில் வரும் பாலுக்கும் பூவுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருத்தர் எழுந்து கேட்பார். ஆனால் அது அவருடைய கருத்து, சத்தமில்லாமல் திருத்த எனக்கு உரிமை இல்லை. வெட்டிவிட்டு, வெட்டியதையும் காரணத்தையும் கீழே எழுதினேன்.

ஒட்டி வரும் எழுத்தில் மிக மோசமானது அட்டவணை. கோடெல்லாம் போய், பெயர்கள் ஒரு கூட்டமாக, மாதங்கள் ஒரு கூட்டமாக, எண்கள் ஒரே வரிசையாக வந்து விழும். எண்கள் குறுக்காக வந்தனவா நெடுக்காக வந்தனவா என்று பார்த்துச் சொல்லவே முடியாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் வேறொருவரின் அட்டவணையை நானே ஊகித்து அடுக்கினேன். மார்ச் எண்ணை ஏப்ரலுக்குப் போட்டுவிட்டேன், அவர் மேடையில் அப்படியே வாசித்தார். இன்றும் அவரைச் சந்தையில் பார்த்தால் சங்கடமாக இருக்கிறது. அதற்குப் பிறகு அட்டவணை எண்ணை நான் தொடுவதில்லை. தேவைப்பட்டால் அந்த இடத்தில் கோடு போட்டு "மூல ஸ்லைடைப் பார்த்து எண்ணை நீங்களே நிரப்புங்கள்" என்று எழுதுகிறேன், இல்லாவிட்டால் அந்தத் தகவலே இல்லாமல் பேச்சு நிற்கும்படி எழுதிவிடுகிறேன். "படத்தில் காண்பதுபோல்" என்ற வரிகளையும் தேடி எடுக்க வேண்டும். படம் ஒட்டி வராது, வரி மட்டும் வந்துவிடும்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் வெட்டியவற்றின் பட்டியலில் இருந்து வந்தது. ஆரம்பத்தில் அதை என் பாதுகாப்புக்காகத்தான் அனுப்பினேன், "இதை ஏன் எடுத்தீங்க" என்று யாரும் சண்டைக்கு வரக் கூடாதே என்று. இப்போது ஸ்லைடு எண்ணும் ஒரு வரிச் சுருக்கமுமாக, முக்கியமானதை மேலே வைத்து அனுப்புகிறேன். செயலாளர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். பேசி முடித்ததும் ஒரு பெரியவர், "முன்னே ஒரு தடவை தேனீ எல்லாம் செத்துப்போச்சே, அது மருந்தாலயா?" என்று கேட்டிருக்கிறார். பட்டியலில் முதலில் இருந்தது 1991 நோய். அது வைரஸ், மருந்தால் இல்லை என்று நிதானமாகப் பதில் சொல்லியிருக்கிறார். மறுநாள் கடைக்கு வந்து எனக்கு இதைச் சொன்னார். நான் மனமில்லாமல் வெட்டிய அதே ஸ்லைடு.

இவ்வளவு நல்லதாகச் சொன்னாலும், நண்பரே, இந்த வேலையை எடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். 405 சொல்லுக்கு இரண்டரை மணி நேரம் ஆகிறது. பக்கக் கணக்கில் காசு கேட்டால் ஒன்றரைப் பக்கக் காசுதான் வரும். மூன்று நாள் முன்னால் அனுப்பினால் அட்டவணையைக்கூட அனுப்பியவரிடம் கேட்டுச் சரியாகப் போடலாம், அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. நேற்று இரவும் ஒன்று வந்தது, 31 ஸ்லைடு. முதல் ஸ்லைடில் தேதி மட்டும் இருக்கிறது, நேரமும் இல்லை, கேட்பவர் யாரென்றும் இல்லை. அனுப்பியவருக்கு என் ஒரு கேள்வியை அனுப்பிவிட்டு, கடைசி வாக்கியத்தைத் தேடத் தொடங்கிவிட்டேன்.