இரண்டு கைக்கும் ஒரே கணக்கு செல்லாது: தூர சென்சார் தெரமினுடன் ஒரு வருடம்

இரண்டு தூர சென்சார்களை மேல்நோக்கிப் பதித்த ஒரு பலகை. வலப்பக்க சென்சாருக்கு மேலே வலது கையை உயர்த்தினால் சுருதி ஏறும், இறக்கினால் இறங்கும். இடது கையின் உயரம் ஒலியளவைத் தீர்மானிக்கும். இப்படிச் செய்துகொண்ட ஒரு கருவியை ஒரு வருடத்துக்கும் மேலாக வாசித்து வருகிறேன். எதையும் தொடாமல் காற்றில் கையை அசைத்து வாசிப்பதால் தெரமின் என்று சொல்கிறோமே தவிர, உள்ளே நடப்பது வேறு. 1920களில் லியோன் தெரமின் உருவாக்கிய மூலக்கருவி தூரத்தை அளப்பதே இல்லை. கைக்கும் ஆண்டெனாவுக்கும் இடையிலான மின்தேக்கத் திறன் மாற, அதற்கேற்ப ஆஸிலேட்டரின் அதிர்வெண் நகர்கிறது. அதில் மாற்றம் தொடர்ச்சியாக வரும். சென்சார் கருவியில் ஒவ்வோர் அளவீடும் தனித்தனியாகத்தான் வரும். வாசிப்பில் வரும் சுகமும் தொல்லையும் பெரும்பாலும் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் வருகின்றன.

முதலில் சென்சார். HC-SR04 என்ற மீயொலி சென்சாரைத்தான் எல்லாரும் எடுப்பார்கள், ஏனென்றால் எளிதாகக் கிடைக்கும். கருவி என்ன என்று புரிந்துகொள்ள அது போதும், வாசிக்கப் போதாது. ஒரு அளவீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 60 மில்லி நொடி விடச் சொல்கிறது அதன் தகவல் தாள். இரண்டு சென்சாரை வைத்தால் ஒன்றின் எதிரொலியை மற்றது பிடிக்காமல் இருக்க மாற்றி மாற்றித்தான் இயக்க வேண்டும், வேகம் இன்னும் பாதியாகும். கை கொஞ்சம் சாய்ந்தாலும் ஒலி வேறு திசையில் சிதறி எதிரொலி வராமலே போய்விடும். இன்னொன்று, ஒலியின் வேகம் வெப்பநிலையோடு மாறும். 20 டிகிரியில் சரிசெய்த கருவியை 30 டிகிரியில் வாசித்தால் 40 செ.மீ. தூரத்தில் சுமார் 7 மி.மீ. பிசகும். என் கருவியின் கணக்கில் அது கிட்டத்தட்ட அரை ஸெமிடோன்.

அதனால் நான் பயன்படுத்துவது VL53L0X, அகச்சிவப்பு லேசர் ஒளி போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் சின்னச் சில்லு. வழக்கமான அமைப்பில் அளவீட்டுக்கு 33 மில்லி நொடி, அதாவது நொடிக்கு 30 அளவீடுகள். இரண்டும் விழிக்கும்போது ஒரே முகவரியில் (0x29) விழிப்பதால், ஒன்றை XSHUT பின் மூலம் தூங்க வைத்துவிட்டு மற்றதன் முகவரியை மாற்ற வேண்டும். இதைச் செய்யாமல் இணைத்துவிட்டு சென்சார் பழுது என்று நினைப்பவர்கள் நிறைய.

அடுத்து, தூரத்தைச் சுருதியாக்கும் கணக்கு. 10 முதல் 50 செ.மீ. வரையிலான உயரத்தில் இரண்டு ஸ்தாயிகளை விரித்திருக்கிறேன், 196 ஹெர்ட்ஸில் தொடங்கி 784 வரை. தூரத்தை நேர்விகிதத்தில் ஹெர்ட்ஸாக மாற்றினால் கீழே ஒரு ஸெமிடோனுக்கு 8 மி.மீ. கிடைக்கும், மேலே 30 மி.மீ. கிடைக்கும். கீழே கை நடுங்கினாலே அடுத்த ஸ்வரம், மேலே ஒரு ஸ்வரத்துக்கு முழங்கையையே தூக்க வேண்டும். காது விகிதங்களைத்தான் கேட்கிறது, அதனால் கணக்கும் அப்படியே இருக்க வேண்டும்:

```
float x = (s - 100) / 400.0;
float f = 196.0 * pow(2.0, 2.0 * x);
```

இங்கே `s` என்பது மி.மீ. கணக்கில் சீராக்கிய தூரம். இப்போது எங்கே வைத்தாலும் ஒரு ஸெமிடோனுக்கு 16.7 மி.மீ. மூலத் தெரமினில்கூட இந்தச் சமத்தன்மை கிடையாது, ஆண்டெனாவை நெருங்க நெருங்க ஸ்வரங்கள் நெருக்கியடிக்கும். அறையில் யாராவது நடந்தால் சுருதி நகர்வது, ஒவ்வொரு முறையும் சரிசெய்துகொண்டு தொடங்குவது எல்லாம் இந்தக் கருவியில் இல்லை. இதில் சென்சார் கருவிதான் மேல் என்பேன்.

சரி, பிரச்சினை எங்கே? ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும்போதுதான். என் உள்ளங்கையை 30 செ.மீ. உயரத்தில் அசையாமல் வைத்தாலும் அளவு 3 மி.மீ. வரை முன்னும் பின்னும் குதிக்கிறது. ஒரு மி.மீ. என்றால் 6 சென்ட், அதாவது ஸெமிடோனில் நூற்றில் ஆறு பங்கு. ஆக 18 சென்ட் அளவுக்கு ஒழுங்கில்லாத ஆட்டம். நொடிக்கு 30 முறை குதிக்கும் இந்த ஆட்டம் காதுக்குத் தொண்டை கட்டிய குரல் போலக் கேட்கும்.

எல்லாரும் சொல்லும் மருந்து, அளவுகளைச் சராசரி எடுத்துச் சீராக்குவது. புதிய அளவில் 15 சதவீதத்தையும் பழையதில் 85 சதவீதத்தையும் கலந்தால் நடுக்கம் அடங்கிவிடும். ஆனால் கையை ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தினால், சுருதி அந்தத் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கடக்கவே சுமார் 0.2 நொடி ஆகும். கருவி கையின் பின்னால் இழுபட்டுக்கொண்டு வரும். அதைவிட மோசம் கமகம். நொடிக்கு ஐந்தாறு முறை கையை அசைத்து வாசிக்கும் அசைவின் அகலம் இந்தச் சீராக்கலில் ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். கை ஆடும், ஸ்வரம் ஆடாது. நடுக்கம் போன மகிழ்ச்சியில் பலர் இதைக் கவனிப்பதில்லை, வாசிப்பு உயிரில்லாமல் இருக்கிறது என்று மட்டும் தோன்றும்.

தீர்வு, கை நிற்கும்போது அதிகமாகவும் நகரும்போது குறைவாகவும் சீராக்குவது. 2012இல் வெளியான ஒன் யூரோ ஃபில்டர் இதே யோசனையை முறையாகச் செய்கிறது. என் கருவியில் ஓடுவது அதன் எளிய உறவுக்காரன்:

```
float v = fabs(d - s);
float a = constrain(0.08 + 0.05 * v, 0.08, 0.8);
s += a * (d - s);
```

இங்கே `d` என்பது சென்சார் புதிதாகத் தந்த தூரம், அதுவும் மி.மீ. கணக்கில். ஓரிரு மி.மீ. ஆட்டம் என்றால் அது சென்சாரின் நடுக்கம் என்று எடுத்துக்கொண்டு அமுக்குகிறது. இரண்டு செ.மீ. நகர்ந்தால் அது கைதான் என்று உடனே பின்தொடர்கிறது. கமகத்தின் அகலத்தில் ஏறக்குறைய பாதி தப்பிக்கிறது, மீதியைக் கொஞ்சம் அகலமாக அசைத்து ஈடுகட்டக் கை தானாகவே பழகிவிட்டது. இதற்கு அப்புறம், கணக்கில் வரும் அதிர்வெண்ணை ஒரேயடியாக ஒலிக்குக் கொடுக்காமல் அடுத்த அளவீடு வரும்வரை சிறு சிறு படிகளாக நகர்த்த வேண்டும். இல்லையென்றால் வழுக்கி ஏறும் இடத்தில் ஏணிப்படி கேட்கும்.

இனி இடது கை. சுருதிக்குச் செய்த அதே சீராக்கலை ஒலியளவுக்கும் பலர் அப்படியே நகலெடுத்துவிடுவார்கள். தேவை நேர் எதிரானது. இடது கையின் வேலை சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது மட்டுமல்ல, ஸ்வரத்தை ஸ்வரத்திலிருந்து பிரிப்பதும் அதுதான். வலது கை அடுத்த இடத்துக்குப் போகும் வழியில் வரும் இழுவையை, ஒரு கணம் ஒலியைத் தாழ்த்தி மறைப்பது இடது கை. அது தாமதித்தால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஊளையாகும். அதே சமயம் ஒலியளவில் நடுக்கம் இருந்தால் காது கண்டுகொள்வதில்லை. 15 செ.மீ. வீச்சில் 3 மி.மீ. என்பது இரண்டு சதவீதம், முழு ஒலிக்கு அருகில் அது அரை டெசிபெல்கூட இல்லை. எனவே ஒலியளவுக்குச் சீராக்கலே வேண்டாம், ஒலி திடீரென அறுந்து ‘டக்’ என்று கேட்காமலிருக்க 15 மில்லி நொடி சரிவு போதும். அந்த சென்சாரை 20 மில்லி நொடிக்கு ஓட விட்டிருக்கிறேன், நடுக்கம் கூடினாலும் வேகம் கிடைக்கிறது. தூரத்தை வர்க்கமாக்கிப் பெருக்கினால் மெல்லிய ஒலியில் கைக்கு இடம் கிடைக்கும். நேர்விகிதத்தில் விட்டால் கடைசி இரண்டு செ.மீ.க்குள்தான் எல்லா மாற்றமும் நடப்பதாகத் தோன்றும்.

கை விலகிவிட்டால் என்ன செய்வது என்பதும் முக்கியம். சென்சாருக்கு எதுவும் தெரியாதபோது 8190 என்று ஒரு எண் வரும். அதைத் தூரமாக எடுத்துக்கொண்டால் சுருதி உச்சிக்குப் போய்க் கீச்சிடும். என் கருவியில் வலது கை காணாமல் போனால் கடைசிச் சுருதி அப்படியே நிற்கும், தொடர்ந்து மூன்று அளவீடுகள் தவறினால்தான் ஒலி அடங்கும். இடது கைக்கு முதல் தவறிலேயே அடங்கும். கையைப் பக்கவாட்டில் வெட்டி இழுத்து ஸ்வரத்தை நறுக்கென முடிப்பது இதனால் சாத்தியமானது. மூலக்கருவியில் கை நெருங்கினால்தான் ஒலி குறையும், எடுத்துவிட்டால் முழு ஒலி. சென்சாரில் அந்த வழக்கத்தைத் தொடர எனக்குக் காரணம் தெரியவில்லை.

நாள்பட்ட பயன்பாட்டில் தெரிந்த வேறு சில. சன்னல் வெயிலில் நடுக்கம் கூடும், ஏனென்றால் சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு உண்டு. சென்சாருக்கு மேல் பாதுகாப்புக்காக அக்ரிலிக் தகடு போட்டால், அதில் பட்டுத் திரும்பும் ஒளி தூரத்தைக் குறைத்துக் காட்டும். தூசி படிந்தாலும் அதே கதை. கறுப்புச் சட்டைக்கை மணிக்கட்டைத் தாண்டி நீண்டால் அளவு தடுமாறும். என்ன கோளாறு என்று அறிய, அளவுகளை வரைபடமாகத் திரையில் ஓடவிடுவதே சுருக்கு வழி. கோடு சிலிர்த்த மயிர் போல இருந்தால் நடுக்கம், நேராகப் போய் நடுவே கூர்முனைகள் எழுந்தால் கை தவறுகிறது, படிக்கட்டாக இருந்தால் நிரலில் எங்கோ தூரம் முழு செ.மீ.க்குச் சுருக்கப்படுகிறது. கோடு அசையாமல் உறைந்துவிட்டால் பெரும்பாலும் கம்பி இணைப்பு தளர்ந்திருக்கும்.

விரல் நுட்பத்தைத் தேடுபவர்களுக்கு இந்தக் கருவி ஏமாற்றம் தரும். தெரமின் கலைஞர்கள் கையை நகர்த்தாமல் விரல்களை விரித்தே அடுத்த ஸ்வரத்துக்குப் போவார்கள். இந்த சென்சாரின் பார்வை 25 டிகிரி கூம்பு, 30 செ.மீ. உயரத்தில் அது சுமார் 13 செ.மீ. அகலம். உள்ளங்கையும் விரல்களும் ஒன்றாக அதற்குள் விழுந்து கலவையான ஒரு தூரம்தான் வரும். விரல்களைச் சேர்த்து, உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, மணிக்கட்டோடு ஏற்றி இறக்குவதுதான் வழி. அதனால் வேகமான பிருகாக்களுக்கு இது ஆகாது. நிதானமான மெட்டுகளில், ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் இடங்களில்தான் நன்றாக இருக்கிறது. சுருதியைத் தானாக அருகிலுள்ள ஸ்வரத்தில் ஒட்டவைக்கும் வசதியையும் ஒரு பொத்தானில் வைத்திருக்கிறேன். முதன்முறை தொட்டுப் பார்க்க வருபவர்களுக்கு மட்டும் அதை அழுத்திக் கொடுப்பேன்.