அறைக்குள் பிரதிபலிப்பு: எந்த முறையில் சுவர் பொருந்துகிறது?

பளபளப்பான தரை கொண்ட ஓர் அறையை முப்பரிமாணத்தில் கட்டி, நடுவில், சுற்றியுள்ள காட்சியை எல்லாத் திசையிலும் படமெடுத்து வைக்கும் ரிப்ளெக்‌ஷன் புரோப் வைத்துப் பாருங்கள். தரையில் ஜன்னலின் பிம்பம் தெரியும். ஆனால் நடந்தால், நிலாவைப் போல அதுவும் கூடவே வரும். அந்தப் படங்களின் தொகுப்பான கியூப் மேப் சாதாரணமாகத் திசையை மட்டுமே பார்க்கிறது. கதிர் எங்கிருந்து புறப்பட்டது என்று பார்ப்பதில்லை. வானத்துக்கு அது போதும், அருகிலிருக்கும் சுவருக்குப் போதாது.

ஒரு கணக்கு போட்டால் தெளிவாகும். அறை 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். தரையின் மையம் (0, 0, 0), புரோப் இருப்பது (0, 1.5, 0). தரையில் (2, 0, 0) என்ற புள்ளியிலிருந்து கதிர் (1, 1, 0) திசையில் எழுகிறது. அது (3, 1, 0) என்ற இடத்தில் சுவரைத் தொட வேண்டும். ஜன்னலின் அடிவிளிம்பு அங்கேதான் இருக்கிறது என்று கொள்வோம். சாதாரண முறை அதே திசையைப் புரோப்பிலிருந்து நீட்டி (1.5, 3, 0) என்ற இடத்துக்குப் போய்விடுகிறது. அது கூரை!

பாக்ஸ் புரொஜெக்‌ஷன் அறையை ஒரு பெட்டியாகக் கொண்டு, முதலில் கதிர் அதன் சுவரைத் தொடும் இடத்தைக் கண்டுபிடித்து, பிறகு புரோப்பிலிருந்து அந்த இடத்தை நோக்குகிறது:

```
float3 a = (boxMax - pos) / dir;
float3 b = (boxMin - pos) / dir;
float3 f = max(a, b);
float t = min(min(f.x, f.y), f.z);
float3 look = pos + dir * t - probePos;
```

விடை (3, -0.5, 0). புரோப்பின் 1.5 மீட்டர் உயரத்திலிருந்து அரை மீட்டர் கீழே, அதாவது சுவரில் சரியாக அதே 1 மீட்டர் உயரம். கூடுதல் செலவு இந்தச் சில வரிகள்தான். லகார்டும் சனுட்டினியும் 2012 சிக்ராஃப் மாநாட்டில் விளக்கிய முறையும் இந்த அடிப்படையில் அமைந்ததே. யூனிட்டியில் இது `Box Projection` என்ற தேர்வுப்பெட்டி.

பெட்டியின் பக்கங்கள் சுவரின் உட்பரப்பில் அமர வேண்டும். 20 சென்டிமீட்டர் வெளியே போனால், பிம்பச் சுவரும் அவ்வளவு பின்னால் தள்ளித் தெரியும். சுவரும் தரையும் சேரும் கோட்டைப் பார்த்தாலே இது பிடிபடும். அறை திரும்பியிருந்தால், கதிரைப் பெட்டியின் அச்சுகளுக்கு மாற்றிய பிறகே கணக்கிட வேண்டும்.

இதன் பெரிய குறை அறைக்கலன்கள். நடுவிலிருக்கும் மேசையும் சுவரில் வரைந்த ஓவியமாகிவிடும். அதனால் புரோப் எடுக்கும்போது மேசை நாற்காலிகளை மறைத்துவிடுவதே என் வழக்கம்.

தளப் பிரதிபலிப்பு மேசையையும் துல்லியமாகக் காட்டும். ஆனால் ஒவ்வொரு தளத்துக்கும் காட்சியை மறுபடி வரைய வேண்டும். ஒரே ஒரு பெரிய கண்ணாடி என்றால் அதைத்தான் எடுப்பேன். திரையில் ஏற்கெனவே வரைந்ததிலிருந்தே பிம்பத்தை எடுக்கும் திரைவெளிப் பிரதிபலிப்பு மேசைக்கால் தரையைத் தொடும் இடத்தை அழகாகத் தருகிறது. ஆனால் குனிந்து தரையைப் பார்த்தால் கூரை திரையில் இல்லை, எனவே பிம்பத்திலும் இல்லை. ஆகவே பெட்டி போன்ற அறைகளில் பாக்ஸ் புரொஜெக்‌ஷனை அடித்தளமாக வைத்து, திரைவெளி முறையை அதன்மேல் சேர்க்கிறேன். திரையில் கிடைக்காத இடத்தைப் புரோப் நிரப்பிவிடுகிறது.