மேடை உரையைக் கட்டுரையாக்க: வெட்டுவதா, கலைத்து எழுதுவதா?

விழாவில் வாசித்த உரையை நாளிதழின் நடுப்பக்கத்துக்குக் கேட்கிறார்கள். கையில் 1,400 சொற்கள் இருக்கின்றன; இருக்கும் இடமோ 600 சொற்களுக்குத்தான். வழி இரண்டு. உரையின் வரிசையை மாற்றாமல் வெட்டிக்கொண்டே போகலாம். அல்லது தாளை மூடிவைத்துவிட்டு, சொல்லவந்த விஷயத்தை முதலிலிருந்து எழுதலாம். “என்று அவர் பேசினார்” எனச் செய்தியாக்குவது மூன்றாவது வழிதான், ஆனால் அதில் வாதம் போய், விழா நிகழ்வு மட்டுமே மிஞ்சும். அதை இங்கே எடுக்கவில்லை.

ஏரியைப் பற்றி ஒருவர் தன் ஊர்க் கூட்டத்தில் இப்படிப் பேசியதாக வைத்துக்கொள்வோம்:

“தூர்வாரினோம். ஆறு மாதம் தூர்வாரினோம். கரையை உயர்த்தினோம். மழை வந்தது. ஏரிக்குத் தண்ணீர் வந்ததா? வரவில்லை. அடுத்த வருடமும் மழை வந்தது, நல்ல மழை. ஏரிக்குத் தண்ணீர் வந்ததா? வரவில்லை. ஏன் வரவில்லை? வரத்துக்கால்வாயில் நூறடிக்கு மண்மேடு. அதை யாரும் பார்க்கவில்லை.”

மொத்தம் 30 சொற்கள். வெட்டும் வழியில் இது இப்படி ஆகும்:

“ஆறு மாதம் தூர்வாரி, கரையை உயர்த்தினோம். முதல் ஆண்டு மழைக்கு ஏரியில் தண்ணீர் சேரவில்லை. நல்ல மழை பெய்த மறு ஆண்டும் சேரவில்லை. வரத்துக்கால்வாயில் நூறடிக்கு மண்மேடு கிடந்ததை யாரும் பார்க்கவில்லை.”

23 சொற்கள். குறைந்தது ஏழே சொல்தானா என்று தோன்றும். இன்னும் குறைக்கிறேன் என்று “மழை பெய்தும் தண்ணீர் சேரவில்லை” என எழுதினால் சொல் மிச்சமாகும், ஆதாரம் போய்விடும். “வந்ததா? வரவில்லை” இரண்டாம் முறை வரும்போது வெறும் அழுத்தத்துக்காக வரவில்லை. மழை பொய்த்ததால் ஏரி நிறையவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, நல்ல மழை பெய்த ஆண்டையும் அவர் காட்டுகிறார்.

அதனால் கூறியது கூறல் என்று கோடு போடுவதற்கு முன்னால், ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக என்ன வந்தது என்று ஓரத்தில் குறித்துக்கொள்வேன். புதிதாக ஒன்றும் இல்லாத சுற்று தயங்காமல் போகலாம். மார்ட்டின் லூதர் கிங் 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் தன் கனவைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தச் சுற்றுகளில் ஜார்ஜியா, மிசிசிப்பி, அலபாமா என்று இடங்கள் வருகின்றன. கனவு என்ற சொல்லைக் குறைக்கலாம். அந்த இடப்பெயர்களை விட்டுவிட்டால் உரையே இல்லை.

இனி கலைத்து எழுதும் வழி:

“வரத்துக்கால்வாய் அடைபட்டிருந்தால் எத்தனை மாதம் தூர்வாரினாலும் ஏரிக்குத் தண்ணீர் வராது. எங்கள் ஊரில் ஆறு மாதம் தூர்வாரிய பிறகு, நல்ல மழை பெய்த ஆண்டிலும் ஏரியில் தண்ணீர் சேரவில்லை.”

நாளிதழுக்கு இதுதான் பொருந்துகிறது. பேச்சாளர் காரணத்தைக் கடைசிவரை ஒளித்துவைக்கலாம். அரங்கில் இருப்பவர் எழுந்து போகமாட்டார். வாசகர் இரண்டாம் பத்தியிலேயே பக்கத்தைப் புரட்டிவிடுவார், அதனால் காரணம் மேலே வரவேண்டும். வெட்டும் வழியால் இதைச் செய்ய முடியாது.

ஆனால் முதல் வாக்கியத்தைத் திரும்பப் பாருங்கள். “எத்தனை மாதம் தூர்வாரினாலும் வராது” என்று பேச்சாளர் சொல்லவே இல்லை. ஓர் ஊரின் அனுபவம் எல்லா ஏரிக்குமான விதியாகிவிட்டது. கலைத்து எழுதும்போது இப்படித்தான் எழுதுபவரின் கருத்து நுழையும். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூல உரையில் இடம் காட்ட முடிகிறதா என்று பார்க்கவேண்டும். கட்டுரை பேச்சாளரின் பெயரில் வருவதால், அச்சுக்கு முன் அவர் படித்தே ஆகவேண்டும்.

இரண்டு வழியிலும் தமிழுக்கே உரிய இரண்டு வழுக்கல்கள் உண்டு. ஒன்று, எச்சங்களைக் கோத்துக்கொண்டே போவது. “தூர்வாரி, உயர்த்தியும், அடைபட்டுக் கிடந்ததால், கடந்தும், நிறையாத ஏரியை” என்று ஒரே வாக்கியத்தில் அடைத்தால், பயனிலை வருவதற்குள் எழுவாய் மறந்துபோகும். நான் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பேன். மூச்சு வாங்கும் இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிடுவேன். இன்னொன்று “நாம்”. அரங்கில் “நாம்” என்றால் எதிரே இருக்கும் ஊர்க்காரர்கள். அச்சில் அதே சொல் வெளியூர் வாசகரையும் தூர்வாரியவராக்கிவிடும். அங்கே “எங்கள் ஊரில்” என்றே இருக்கவேண்டும். “இங்கே”, “நேற்று”, “எனக்கு முன்னால் பேசியவர் சொன்னதுபோல” எல்லாம் இதே வகைதான்.

என் தேர்வு: காரணத்தைத் தொடக்கத்துக்குக் கொண்டுவர முதல் இரண்டு பத்திகளை மட்டும் கலைத்து எழுதுவேன், மீதியை வெட்டுவேன். “வந்ததா? வரவில்லை” என்ற கேள்வி-பதிலைக் கட்டுரையின் நடுவில் ஒரே ஓர் இடத்தில், அவர் பேசியபடியே விட்டுவைப்பேன். அவர் குரல் அங்கேதான் கேட்கிறது.