அழகர் ஏன் ஆற்றில் இறங்குகிறார்? கோயில் சொல்வதும் ஊர் சொல்வதும்

சித்திரா பௌர்ணமி விடிகாலையில் மதுரை வைகைக் கரையில் நின்று, "அழகர் எதுக்கு ஆத்துல இறங்குறார்?" என்று கேட்டுப் பாருங்கள். தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்குச் சீர் கொண்டு வந்தார், அதற்குள் தாலி கட்டி முடிந்துவிட்டது, கோபித்துக்கொண்டு ஊருக்குள் வராமல் வண்டியூர்ப் பக்கம் திரும்பிவிட்டார் என்று பதில் வரும்.

அழகர்கோயில் தல வரலாற்றில் மீனாட்சியே இல்லை. நூபுர கங்கையில் நீராடிய சுதபஸ் முனிவர், வந்து நின்ற துர்வாசரைக் கவனிக்கவில்லை. தவளையாகப் போ என்று சாபம் கிடைத்தது. அந்த மண்டூக முனிவருக்கு மோட்சம் கொடுக்கத்தான் பெருமாள் வைகைக்கு வருகிறார். மீனாட்சி கோயிலின் கணக்கும் ஊர்க்கதையோடு ஒட்டவில்லை. அங்கே தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கும் அண்ணன், திருப்பரங்குன்றத்திலிருந்து வரும் பவளக்கனிவாய்ப் பெருமாள். திருக்கல்யாணம் முடிந்து மறுநாள் தேர், அதற்கும் மறுநாள்தான் அழகர் ஆற்றில் இறங்குகிறார். கோயில் முறைப்படி அவர் எந்த முகூர்த்தத்தையும் தவறவிடவில்லை.

இந்த இரண்டையும் பிரிக்க நம்மிடம் புழங்கும் அளவுகோல்கள் எல்லாமே ஒரு பக்கம் சாய்ந்தவை. தல வரலாறுதான் ஆதி, ஊர்க்கதை பின்னால் வந்த கலப்படம் என்பார் ஒருவர். மக்கள் கதைதான் மண்ணின் குரல், மற்றது மேலே பூசியது என்பார் இன்னொருவர். முன்பு மீனாட்சி கல்யாணம் மாசியிலும், அழகர் ஆற்றில் இறங்குவது சித்திரையில் தேனூரிலும் நடந்தன, 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் இரண்டையும் ஒரே மாதத்தில் மதுரையில் சேர்த்தார் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. சித்திரைத் தேர் இன்றும் மாசி வீதிகளில்தான் ஓடுகிறது. அப்படியானால் "தாமதமாக வந்த அண்ணன்" கதை, இரண்டு விழாவும் பக்கத்தில் பக்கத்தில் வந்த பிறகுதான் பிறந்திருக்க முடியும். அதாவது மக்கள் கதை ஒன்றும் காலம் தொடாத பழமை இல்லை. மண்டூக மோட்சமோ தேனூரை விட்டு வண்டியூருக்கு இடம் மாறியது, ஆகவே கோயில் முறையும் அசையாத ஒன்றில்லை. வண்டியூரில் அது நடக்கிற மண்டபத்துக்கு இன்னும் தேனூர் மண்டபம் என்றுதான் பெயர்.

படித்தவர்கள் ஒரு பக்கம், படிக்காதவர்கள் ஒரு பக்கம் என்று பிரிப்பதும் சரிவராது. எங்கள் வீட்டில் என் பெரியப்பாவே இரண்டையும் சொல்வார். பேத்தியிடம் கோபக்கார அண்ணன் கதை, வெளியூர் விருந்தாளியிடம் தவளை முனிவர் கதை. இரண்டிலும் அவருக்குச் சந்தேகம் கிடையாது. பெருமாளுக்குக் கொண்டையும் வளரித்தடியும் வைத்துக் கள்ளர் வேடம் போடுகிறவர்கள் பட்டர்கள்தான். மலையை விட்டுக் கிளம்பும் அழகர் பதினெட்டாம்படிக் கருப்பிடம் விடைபெற்றுத்தான் புறப்படுகிறார். "பெருந்தெய்வம்", "சிறுதெய்வம்" என்ற சொற்களைக் கருப்பு சன்னதி வாசலில் நின்று சொல்லிப் பாருங்கள், எது பெரிது என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

எனக்குப் பயன்படுகிற கேள்வி வேறு: இதைச் செய்யாவிட்டால் யாரைக் கேட்பார்கள்? ஆண்டாள் சூடிக் களைந்த மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வராவிட்டால் நிர்வாகம் பதில் சொல்ல வேண்டும். திரி எடுப்பது, தோல் துருத்தியில் தண்ணீர் பீய்ச்சுவது, செம்பில் சர்க்கரை நிரப்பிச் சூடம் ஏற்றுவது, மொட்டை போடுவது இதெல்லாம் நேர்த்திக்கடன். தவறினால் அந்தக் குடும்பம்தான் அழகருக்குக் கடன்பட்டது, நிர்வாகத்துக்கு அதில் வேலை இல்லை. முன்னதை நிறுவனச் சமயம், பின்னதை மக்கள் சமயம் என்று சொல்லிக்கொள்ளலாம். பொறுப்பு யாருடையது என்பதை மட்டும் இந்தப் பெயர்கள் சொல்கின்றன. பக்தியின் ஆழத்தை இவை அளப்பதில்லை. ஒரே நிகழ்ச்சிக்குள் இரண்டும் பின்னிக் கிடக்கும்போது இந்தக் கேள்வியும் திணறும். அழகர் உடுத்தி வரும் பட்டு, கோயில் உடுத்துவது. அது பச்சையாக இருந்தால் வெள்ளாமை செழிக்கும் என்று பார்ப்பது கரையில் நிற்கிற கூட்டம். இதை எந்தப் பெட்டியில் போடுவது?

கொரோனாக் காலத்தில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. 2021-இல் அழகர்கோயில் வளாகத்துக்குள்ளேயே வைகை போல ஒன்றை அமைத்து, கூட்டமில்லாமல் சடங்கை நடத்தினார்கள். முறைப்படி அது நிறைவான சடங்கு. ஆனால் ஆறும் கூட்டமும் இல்லாமல் ஊர்க்காரர்களுக்கு அழகர் வந்ததாகவே தோன்றவில்லை. சரி, மக்கள் சமயத்துக்குக் கூட்டம்தான் உயிர் என்று முடிவு கட்டலாமா? அதற்கு முந்தின வருடம், 2020-இல், மீனாட்சி திருக்கல்யாணத்தைச் சில பட்டர்கள் மட்டும் நடத்த, அது நேரலையில் ஓடியது. பெண்கள் அவரவர் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து, மாங்கல்ய தாரணம் ஆன அதே நிமிடத்தில் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள்.