பென்ஷன் செக்‌ஷன் என்று வரும் போன்: பி பிளாக்கில் போன 4,80,000 ரூபாய்

பெரியவர்கள் எல்லோருக்கும் வணக்கம். போன செவ்வாய்க்கிழமை நம் பி பிளாக்கில், மத்திய அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரின் 4,80,000 ரூபாய் நாற்பதே நிமிடத்தில் போய்விட்டது. அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன்.

காலை பதினோரு மணிக்கு போன். "ஐயா, பென்ஷன் செக்‌ஷன்ல இருந்து பேசறேன். உங்க லைஃப் சர்டிபிகேட் ஏறல, அடுத்த மாசம் பென்ஷன் நின்னுடும்." உயிரோடு இருக்கிறோம் என்று லைஃப் சர்டிபிகேட் கொடுக்கும் நவம்பர் மாதம், யாருக்கும் பதறத்தான் செய்யும். அவன் எதையும் கேட்கவில்லை. பி.பி.ஓ. எண், ரிடையர் ஆன தேதி, நாமினியாக இருக்கும் மனைவியின் பெயர் எல்லாவற்றையும் அவனே வாசித்தான். ஆபீஸ் ஃபைல் கையில் இல்லாமல் இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நம்பியது அங்கேதான். இந்த விவரங்கள் திருட்டுத்தனமாக விலைக்குக் கிடைக்கின்றன. சரியாகச் சொல்கிறான் என்பதால் அவன் ஆபீஸ் ஆள் ஆகிவிட மாட்டான்.

பிறகு வாட்ஸ்அப்பில் LifeCertificate.apk என்று ஒரு ஃபைல் வந்தது. தொட்டதும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டது, கொடுத்துவிட்டார். அதில் பெயர், கணக்கு எண், டெபிட் கார்டு எண், பின் எல்லாம் நிரப்பச் சொன்னது. இவர் ஓ.டி.பி.யை வாயால் சொல்லவே இல்லை, அந்த ஆப் தானாகவே அவனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 4,00,000 ரூபாய் வைப்பு நிதியை ஆன்லைனிலேயே முறித்து சேமிப்புக் கணக்குக்குக் கொண்டுவந்து, அங்கிருந்த 80,000-ஐயும் சேர்த்து வழித்து எடுத்துவிட்டார்கள்.

வங்கிக் கிளையில் கேட்ட பதில்: "நீங்களே ஆப் போட்டா நாங்க என்ன சார் பண்றது? ஸ்டேஷன் போங்க." ஸ்டேஷனில், "முதல்ல பேங்க்ல எழுதி வாங்கிட்டு வாங்க." எழுபத்து மூன்று வயது மனிதரை இரண்டு நாள் அலைய விட்டார்கள். சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு உடனே அடிக்க வேண்டும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் முடக்க முடியும். 4,80,000 ரூபாய்!

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். லைஃப் சர்டிபிகேட்டுக்கு உங்கள் கைரேகையோ கண்ணோ முகமோ வேண்டும், இல்லாவிட்டால் நேரில் கையெழுத்து வேண்டும். போனில் பேசி அதை ஏற்றவே முடியாது. நடக்க முடியாதவர்கள் தபால்காரரிடம் சொன்னால் 70 ரூபாய்க்கு வீட்டுக்கே வந்து எடுப்பார்.

பணம் போனால் முதலில் 1930, அடுத்து வங்கி. புகார் எண்ணையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கியின் விதி சொல்கிறது. அதைக் காட்டிக் கேளுங்கள், விடாதீர்கள்.

இப்படி ஒரு ஃபைலை யாராவது ஏற்கெனவே திறந்திருந்தால், வைஃபையையும் நெட்டையும் அணைத்துவிட்டு வேறு போனில் இருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்குங்கள். கூட்டம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே எழுந்து வாருங்கள்.